புது வைஃபை ரவுட்டர் வாங்கினால் வாசல் மணியின் பேட்டரி நீடிக்குமா?

பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடி வீட்டை நினைத்துப் பாருங்கள். வாசலில் பேட்டரியில் ஓடும் வீடியோ மணி, கதவில் ஒரு சென்சார், அறையில் வெப்பநிலை காட்டும் சின்னக் கருவி. அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லாருக்கும் போன். அதோடு இரண்டு லேப்டாப், ஒரு டிவி. எண்ணிப் பார்த்தால் ஒரே ரவுட்டரில் பதினைந்து பொருள்களாவது இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கமும் இதே கதை, மேல் மாடியிலும் கீழ் மாடியிலும் இதே கதை.

இந்த வீட்டில் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்றுதான்: "போன மாசம்தானே சார்ஜ் போட்டோம், அதுக்குள்ள பேட்டரி காலியா?"

கடைக்குப் போனால் ஒரு பதில் தயாராக இருக்கிறது. வைஃபை 6, வைஃபை 7 ரவுட்டர் பெட்டிகளில் 'டார்கெட் வேக் டைம்', 'ஓ.எஃப்.டி.எம்.ஏ' என்று இரண்டு பெயர்கள் அச்சாகி இருக்கும். பக்கத்திலேயே 'பேட்டரி அதிக நாள் நீடிக்கும்' என்று ஒரு வரியும் இருக்கும். அந்த வரி பொய் இல்லை. ஆனால் அது உண்மையாக வேண்டும் என்றால் சில நிபந்தனைகள் உண்டு, அவை பெட்டியில் இருப்பதில்லை. சில நூறு ரிங்கிட் செலவழிப்பதற்கு முன் அவற்றைத் தெரிந்துகொள்வது நல்லது.

பேட்டரியைத் தின்பது எது?

தகவல் அனுப்பும்போதுதான் பேட்டரி குறைகிறது என்றே பலரும் நினைக்கிறோம். ஆனால் கதவு திறந்ததைச் சொல்லும் சென்சார் ஒரு நாளில் அனுப்புவது சில கிலோபைட்தான். அதை அனுப்ப ஒரு விநாடிகூட ஆகாது. மீதி நேரமெல்லாம் அது செய்யும் வேலை காத்திருப்பது. பேட்டரியில் பெரும்பகுதி இந்தக் காத்திருப்பில்தான் போகிறது.

வைஃபை ரவுட்டர் ஒவ்வொன்றும் 102.4 மில்லி விநாடிக்கு ஒருமுறை, அதாவது விநாடிக்குச் சுமார் பத்து முறை, 'பீக்கன்' என்ற ஓர் அறிவிப்பை ஒலிபரப்புகிறது. "நான் இங்கே இருக்கிறேன், இன்னின்னாருக்குச் செய்தி வந்திருக்கிறது" என்பதுதான் அதன் சாரம். பேட்டரிக் கருவி இடையில் தூங்கலாம். ஆனால் தனக்குச் செய்தி இருக்கிறதா என்று பார்க்க அது அடிக்கடி எழுந்து இந்த அறிவிப்பைக் கேட்க வேண்டும். மூன்று பீக்கனுக்கு ஒருமுறை எழுவது வழக்கமான ஏற்பாடுகளில் ஒன்று. அப்படியானால் விநாடிக்கு மூன்று முறைக்கு மேல். வீட்டில் எல்லாரும் தூங்கும் நேரத்திலும் இது நிற்பதில்லை.

அரசாங்க கிளினிக்கில் நம்பர் எடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நம்பர் எப்போது வரும் என்று தெரியாது. அதனால் திரையில் எண் மாறும் ஒவ்வொரு முறையும் தலையை நிமிர்த்திப் பார்க்கிறீர்கள். டாக்டரைப் பார்ப்பது ஐந்து நிமிடம்தான், களைப்பு முழுவதும் வெளியே காத்திருந்ததில்தான்.

டார்கெட் வேக் டைம்: நேரம் குறித்துக்கொள்வது

டார்கெட் வேக் டைம், சுருக்கமாக டி.டபிள்யூ.டி, இந்த நம்பர் முறையை அப்பாயின்ட்மென்ட் முறையாக மாற்றுகிறது.

கருவி ரவுட்டரிடம் கேட்கிறது: "நான் 10 விநாடிக்கு ஒருமுறை எழுகிறேன், ஒவ்வொரு முறையும் 10 மில்லி விநாடி விழித்திருப்பேன். சரியா?" ரவுட்டர் அதை ஏற்கலாம், வேறு நேரம் சொல்லலாம், முடியாது என்றும் சொல்லலாம். ஒப்பந்தம் முடிந்துவிட்டால் கருவி இடையில் வரும் பீக்கன்களைக் கேட்க வேண்டியதில்லை. அதற்கு வரும் செய்திகளை ரவுட்டர் எடுத்து வைத்திருந்து, குறித்த நேரத்தில் கொடுக்கும்.

இந்த யோசனை வைஃபை 6-க்காகப் பிறந்தது அல்ல. தொலைவில் இருக்கும் சென்சார்களுக்காகவே உருவான ஹேலோ என்ற வைஃபை வகையில், 802.11ah என்ற தரத்தில்தான் இது முதலில் வந்தது. பிறகு வைஃபை 6-இன் தரமான 802.11ax அதை எடுத்துக்கொண்டது. வைஃபை 6-க்கான சான்றிதழ் திட்டம் 2019-இல் தொடங்கியது.

சரி, இதனால் எவ்வளவு மிச்சமாகும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்களை நாம் எளிமையாக வைத்துக்கொள்கிறோம், உங்கள் கருவியில் அவை கொஞ்சம் மாறும். 2000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று. ரேடியோ விழித்திருக்கும்போது 80 மில்லிஆம்பியர், தூங்கும்போது 0.1 மில்லிஆம்பியர் எடுக்கிறது.

முதலில் பழைய முறை. சுமார் 307 மில்லி விநாடிக்கு ஒருமுறை எழுந்து 3 மில்லி விநாடி கேட்கிறது. தூக்கத்தையும் சேர்த்துச் சராசரி 0.88 மில்லிஆம்பியர் வருகிறது. பேட்டரி சுமார் 95 நாள் வரும்.

இப்போது டி.டபிள்யூ.டி. 10 விநாடிக்கு ஒருமுறை 10 மில்லி விநாடி. சராசரி 0.18 மில்லிஆம்பியராக இறங்குகிறது. பேட்டரி சுமார் 460 நாள். மூன்று மாதம் ஓடியது ஒன்றேகால் வருடம் ஓடுகிறது. பெட்டியில் அச்சான வாக்குறுதிக்குப் பின்னால் இருப்பது இந்த மாதிரிக் கணக்குதான்.

அப்போ ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்தால்? ஆறு மடங்கு அதிக நாள் வரும் என்று தோன்றும், ஆனால் வராது. சுமார் 735 நாள்தான் வரும். காரணம், இந்த நிலையில் விழிப்பதற்கு ஆகும் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போய்விடுகிறது. மிச்சம் இருப்பது தூங்கும்போது கசியும் 0.1 மில்லிஆம்பியர். அதைக் குறைக்க எந்த ரவுட்டராலும் முடியாது, அது கருவியைத் தயாரித்தவர் கையில் இருக்கிறது.

எல்லாக் கருவிக்கும் ஒரே தூக்கம் பொருந்தாது

வெப்பநிலைக் கருவி பத்து விநாடி தாமதமாகப் பதில் சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை. வாசல் மணி அப்படி இல்லை. நீங்கள் வெளியே இருந்துகொண்டு போனில் "வாசலில் யார்?" என்று நேரலையாகப் பார்க்க நினைக்கிறீர்கள். அந்தக் கட்டளை ரவுட்டருக்கு வந்துவிட்டாலும், மணி அடுத்த முறை எழும் வரை அங்கேயே காத்திருக்கும். பத்து விநாடி போனால் உணவு கொண்டுவந்தவர் கிளம்பியிருப்பார்.

அதனால் அந்த மாதிரிக் கருவி 2 விநாடிக்கு ஒருமுறையாவது எழ வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதே கணக்கில் இப்போது 167 நாள் வருகிறது. பழைய முறையின் 95 நாளைவிட நல்லதுதான், ஆனால் 460 நாள் இல்லை. அதுவும் வைஃபை செலவு மட்டும்தான். ஆள் நடமாட்டத்தைக் கண்டு கேமரா விழித்து வீடியோ எடுத்து மேலே அனுப்பினால், அதற்கு ஆகும் மின்சாரம் தனி. பரபரப்பான நடைபாதையைப் பார்த்தபடி இருக்கும் வாசல் மணியில் பேட்டரியைத் தின்பது பெரும்பாலும் இந்த வீடியோதான். அங்கே டி.டபிள்யூ.டி-யால் ஆகக்கூடியது குறைவு.

இன்னொரு தடங்கல் செயலியின் பக்கத்தில் இருக்கிறது. சில கருவிகள் தங்கள் நிறுவனத்தின் சர்வரோடு இணைப்பு அறுந்துவிடாமல் இருக்க 30 விநாடிக்கு ஒருமுறை "இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும்படி எழுதப்பட்டிருக்கும். ரவுட்டர் ஐந்து நிமிடம் தூங்க அனுமதித்தாலும் அந்தக் கருவி 30 விநாடிக்கு ஒருமுறை எழுந்தே தீரும்.

ஓ.எஃப்.டி.எம்.ஏ: ஒரே பஸ்ஸில் ஒன்பது பேர்

எப்போது எழுவது என்பது தீர்ந்தது. எழுந்த பிறகு சீக்கிரம் வேலை முடிய வேண்டுமே? அங்கேதான் இரண்டாவது பெயர் வருகிறது.

பழைய வைஃபையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். பேச நினைக்கும் கருவி, அலைவரிசை அமைதியாக இருக்கிறதா என்று பார்த்து, தற்செயலாக ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்து, அந்த அளவு காத்திருந்து பிறகு பேசும். தன் முறை வந்தால் முழுச் சேனலும் அதற்குத்தான். 100 பைட் அனுப்பும் சென்சாராக இருந்தாலும், படம் ஓடும் டிவியாக இருந்தாலும் அப்படித்தான். நாற்பது பேர் உட்காரும் பஸ்ஸில் ஒரே ஒரு பயணியை ஏற்றிக்கொண்டு கே.எல். சென்ட்ரலிலிருந்து கிளம்புவதைப் போல.

சின்னச் செய்திக்கு இது எவ்வளவு வீண் என்று பாருங்கள். 100 பைட் தகவல் 54 மெகாபிட் வேகத்தில் போக 15 மைக்ரோ விநாடி போதும். ஆனால் அதற்கு முன் காத்திருப்பு, முன்னுரைச் சிக்னல், பிறகு 'கிடைத்தது' என்ற பதில் எல்லாம் சேர்த்தால் யாரும் குறுக்கிடாத நேரத்திலேயே மொத்தம் 180 மைக்ரோ விநாடி அளவுக்கு வந்துவிடும். பத்தில் ஒரு பங்குகூட உண்மையான தகவல் இல்லை. போட்டி அதிகமானால் காத்திருப்பு இன்னும் நீளும், அந்த நேரமெல்லாம் ரேடியோ விழித்தபடி 80 மில்லிஆம்பியர் எடுத்துக்கொண்டே இருக்கும்.

ஓ.எஃப்.டி.எம்.ஏ அந்தச் சேனலைக் குறுக்கே வகுக்கிறது. 20 மெகாஹெர்ட்ஸ் சேனல் ஒன்றை அதிகபட்சம் ஒன்பது துண்டுகளாகப் பிரித்து, ஒன்பது கருவிகளுக்கு ஒரே நேரத்தில் கொடுக்கலாம். எந்தத் துண்டு யாருக்கு என்று ரவுட்டரே முடிவு செய்யும். கருவிகள் அனுப்ப வேண்டிய நேரத்தில் ரவுட்டர் 'ட்ரிகர்' என்ற சைகையை அனுப்பும். பெயர் சொல்லப்பட்டவை எல்லாம் ஒன்றாகப் பதில் அனுப்பும். முண்டியடிக்க வேண்டியதில்லை. உங்கள் போனின் 4ஜி இணைப்பில் கோபுரத்திலிருந்து தகவல் இறங்குவது இதே முறையில்தான். வீட்டு வைஃபைக்கு அது 802.11ax வழியாக வந்து சேர்ந்தது.

இரண்டும் சேரும்போதுதான் உண்மையான பலன். தனித்தனியாக எழும் சென்சார்களுக்கு ஓ.எஃப்.டி.எம்.ஏ அதிகம் உதவாது, ஒரே நேரத்தில் பயணிகள் இல்லாவிட்டால் பஸ் காலியாகத்தான் போகும். டி.டபிள்யூ.டி மூலம் ரவுட்டர் நான்கைந்து கருவிகளை ஒரே நேரத்தில் எழச் சொல்லலாம், உடனே ஒரு ட்ரிகர் அனுப்பலாம். எல்லாம் ஒரே தடவையில் பேசிவிட்டுத் தூங்கப் போகும். ஒன்று பயணிகளை ஒரே நேரத்தில் நிறுத்தத்துக்கு வரவழைக்கிறது, மற்றொன்று அவர்களை ஒரே பஸ்ஸில் ஏற்றுகிறது.

கிள்ளானில் ஒரு தெரஸ் வீடு

நெரிசல் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி இல்லை. கிள்ளானில் நீளமான தெரஸ் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ரவுட்டர் உள்ளே வரவேற்பறையில், மணி வெளியே கேட்டில். நடுவில் கான்கிரீட் சுவர், இரும்பு கிரில், நிறுத்திய கார். பக்கத்து வீட்டு நெட்வொர்க்குகளின் எண்ணிக்கை பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியைவிடக் குறைவு. இங்கே சிக்கல் சிக்னல் பலவீனம்.

சிக்னல் பலவீனமானால் கருவி மெதுவாகப் பேசும். அதே செய்திக்கு அதிக நேரம் விழித்திருக்கும், தவறினால் மறுபடி அனுப்பும். டி.டபிள்யூ.டி இதைச் சரிசெய்யாது. ஓ.எஃப்.டி.எம்.ஏ ஓரளவு உதவும். ஏனென்றால் கருவி தன் முழுச் சக்தியையும் 20 மெகாஹெர்ட்ஸில் பரப்பாமல் சுமார் 2 மெகாஹெர்ட்ஸ் துண்டில் குவிக்கலாம். டார்ச் விளக்கின் ஒளியைச் சுருக்கினால் தூரம் போவதைப் போல. கணக்குப்படி இது ஒன்பது மடங்கு செறிவு. ஆனால் அதற்கும் கேட்டில் இருக்கும் மணி வைஃபை 6 பேச வேண்டும், அந்தத் துண்டை ரவுட்டர் அதற்கு ஒதுக்கவும் வேண்டும்.

அதனால் இந்த வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது செயலியில் காட்டும் சிக்னல் எண்ணை. மைனஸ் 50 என்றால் நல்ல பலம், மைனஸ் 75-க்குக் கீழே போனால் பலவீனம். பலவீனமாக இருந்தால் ரவுட்டரை வாசல் பக்கம் நகர்த்துவதோ, முன்னறையில் இன்னொரு அணுகுமுனை வைப்பதோ வைஃபை 7 ரவுட்டரைவிட அதிகப் பலன் தரும்.

அண்டை வீட்டுச் சத்தத்தை இவை அடக்குமா?

அடக்காது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும் என்றால் இதை வையுங்கள்.

டி.டபிள்யூ.டி, ஓ.எஃப்.டி.எம்.ஏ இரண்டும் உங்கள் ரவுட்டருக்கும் அதில் இணைந்த கருவிகளுக்கும் இடையிலான ஏற்பாடு. மேல் மாடி ரவுட்டருக்கு உங்கள் அப்பாயின்ட்மென்ட் புத்தகம் தெரியாது. உங்கள் சென்சார் எழும் அதே நேரத்தில் அது பேசிக்கொண்டிருந்தால் உங்கள் ரவுட்டரும் காத்திருக்கத்தான் வேண்டும்.

பேட்டரிக் கருவிகள் பெரும்பாலும் இருப்பது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். அங்கே ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. அடுக்குமாடியில் போனை எடுத்து ஸ்கேன் செய்தால் 30 நெட்வொர்க் பெயர்கள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். சமமாகப் பிரிந்தால் சேனலுக்குப் பத்து. பீக்கன் ஒவ்வொன்றும் சுமார் 300 பைட், பழைய கருவிகளுக்கும் புரிய வேண்டும் என்று பல ரவுட்டர்கள் அதை 1 மெகாபிட் வேகத்தில் அனுப்புகின்றன. ஒன்றுக்கு 2.6 மில்லி விநாடி ஆகிறது. பத்துக்கு 26. அதாவது ஒவ்வொரு 102.4 மில்லி விநாடியிலும் கால்பங்கு வெறும் "நான் இருக்கிறேன்" என்ற அறிவிப்பிலேயே போய்விடுகிறது. இதில் யாரும் இன்னும் ஒரு வீடியோகூடப் பார்க்கவில்லை.

இந்த நெரிசல் நம் கணக்கை எப்படி மாற்றும்? பழைய முறையில் ஒவ்வொரு விழிப்பும் 3-க்குப் பதில் 6 மில்லி விநாடி ஆனால், 95 நாள் பேட்டரி 50 நாளாகிறது. டி.டபிள்யூ.டி-யில் 10-க்குப் பதில் 20 மில்லி விநாடி ஆனால், 460 நாள் 320 நாளாகிறது. அடி இரண்டுக்கும் விழுகிறது. ஆனால் குறைவாக எழும் கருவி குறைவாகவே அடிவாங்குகிறது. நெரிசல் நிறைந்த கட்டடத்தில் டி.டபிள்யூ.டி-யின் மதிப்பு இதுதான். அது சத்தத்தை நிறுத்துவதில்லை, சத்தத்தில் நிற்கும் நேரத்தைக் குறைக்கிறது.

வைஃபை 7-இல் இதற்கு ஒரு கூடுதல் வடிவம் இருக்கிறது. குறித்த நேரத்தை அந்தக் கருவிகளுக்காக ஒதுக்கி வைத்து, அதே ரவுட்டரின் மற்றக் கருவிகளை அந்த நேரத்துக்குள் நுழையாமல் நிறுத்தப் பார்க்கும். ஆனால் அதுவும் உங்கள் ரவுட்டரின் எல்லைக்குள்தான். வெவ்வேறு ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசி ஒத்துழைப்பது, வைஃபை 8 என்ற பெயரில் உருவாகிவரும் 802.11bn தரத்தின் நோக்கங்களில் ஒன்று.

பெட்டியில் எதைப் படிக்க வேண்டும்?

இப்போது முக்கியமான நிபந்தனை. ஒப்பந்தத்துக்கு இரண்டு பேர் வேண்டும். ரவுட்டர் மட்டும் புதியதாக இருந்தால் போதாது, கருவிக்கும் அந்த மொழி தெரிய வேண்டும். கருவியின் பெட்டியில் `802.11 b/g/n` என்று மட்டும் இருந்தால் அது வைஃபை 4. அதற்கு டி.டபிள்யூ.டி-யும் தெரியாது, ஓ.எஃப்.டி.எம்.ஏ-வும் தெரியாது. சந்தையில் இருக்கும் மலிவான ஸ்மார்ட் பிளக், பல்ப், சென்சார்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். `802.11ax` அல்லது 'வைஃபை 6' என்று இருந்தால்தான் பேச்சே தொடங்கும்.

அப்போதும் முழு உத்தரவாதம் இல்லை. 802.11ax தரத்தில் டி.டபிள்யூ.டி கோரிக்கையைக் கேட்டுப் பதில் சொல்வது ரவுட்டரின் கடமை. ஆனால் கருவி அதைக் கேட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதனால் கருவியின் விவரத்தாளில் டார்கெட் வேக் டைம் என்று தனியாகச் சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். இதற்கான சிப்புகள் இப்போது இருக்கின்றன. எஸ்பிரசிஃப் நிறுவனத்தின் `ESP32-C6`, நோர்டிக் நிறுவனத்தின் `nRF7002` இரண்டும் டி.டபிள்யூ.டி ஆதரவோடு வருபவை. கல்லூரி ப்ராஜெக்டுக்கு சென்சார் செய்யும் மாணவர்கள் பழைய `ESP8266`-ஐ எடுப்பதற்கு முன் இதை யோசிக்கலாம்.

பெட்டியில் இருக்கும் சிரிம் முத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தக் கருவியை மலேசியாவில் பயன்படுத்த அனுமதி உண்டு என்பதற்கான அடையாளம் அது. வைஃபை எந்தத் தலைமுறை, டி.டபிள்யூ.டி இருக்கிறதா என்பதை அது சொல்லாது.

கதவு சென்சார்களில் பல வைஃபையே பயன்படுத்துவதில்லை என்பதையும் கவனியுங்கள். சிக்பீ, திரெட், புளூடூத் ஆகியவற்றில் ஓடுபவை சின்னப் பேட்டரியில் நீண்ட நாள் ஓடவே வடிவமைக்கப்பட்டவை. அவற்றுக்கு இந்த இரண்டு பெயர்களாலும் எந்த மாற்றமும் இல்லை.

வீட்டில் என்ன செய்து பார்க்கலாம்?

முதல் வேலைக்குக் காசு தேவையில்லை. போன், லேப்டாப், டிவி எல்லாவற்றையும் 2.4-இலிருந்து 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். ரவுட்டரும் போனும் வைஃபை 6இ அல்லது 7 என்றால் 6 கிகாஹெர்ட்ஸும் இருக்கிறது. மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை வைஃபைக்குத் திறந்துவிட்டிருக்கிறது. பேட்டரி சென்சார்கள் அங்கே போவதில்லை. ஆனால் பெரிய கருவிகள் அங்கே போய்விட்டால், உங்கள் வீட்டுக்குள் 2.4-இல் சின்னவற்றுக்கு வழி கிடைக்கும். பழைய வைஃபை 4 சென்சாருக்கும் பலன் தரும் மாற்றம் இது.

இரண்டாவது, 2.4-இன் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வைத்து, ஸ்கேனில் குறைவான நெரிசல் தெரியும் சேனலை 1, 6, 11-இலிருந்து தேர்ந்தெடுங்கள். நெரிசல் குறைவு என்று 3 அல்லது 4-க்குப் போனால் இரண்டு பக்கத்துச் சத்தமும் உங்கள் மேல் விழும். தேவையில்லாத விருந்தினர் நெட்வொர்க் இருந்தால் அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பீக்கன் தனியாகப் போகிறது.

மூன்றாவது, ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வயர்லெஸ் பிரிவில் `OFDMA`, `TWT` அல்லது `Target Wake Time` என்ற பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். சில மாடல்களில் அது அணைந்த நிலையில் இருக்கும், இணையச் சேவையோடு வரும் ரவுட்டரில் அந்தப் பொத்தானே தெரியாமலும் போகலாம். கருவிப் பட்டியலில் சென்சாருக்கு எதிரே `n` என்றிருந்தால் இந்தப் பொத்தானால் அதற்கு ஒன்றும் ஆகாது. `ax` என்றிருந்தால் முயற்சிக்கலாம்.

முயற்சிக்கும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றுவதற்கு முன் இரண்டு வாரம், மாற்றிய பின் இரண்டு வாரம் பேட்டரி சதவீதத்தைக் குறித்து வையுங்கள். வாசல் மணி என்றால் எத்தனை வீடியோ எடுத்தது என்பதையும் குறியுங்கள். தீபாவளி வாரத்தையும் சாதாரண வாரத்தையும் ஒப்பிட்டால் கணக்கு தப்பாகிவிடும். டி.டபிள்யூ.டி-யைத் திறந்த பிறகு ஒரு கருவி அடிக்கடி 'ஆஃப்லைன்' காட்டினால், அல்லது கட்டளைக்கு மிகத் தாமதமாகப் பதில் சொன்னால், அந்தக் கருவியும் ரவுட்டரும் நேரத்தைச் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை என்று சந்தேகிக்கலாம். பொத்தானை அணைத்துப் பாருங்கள். இணைப்பு அறுந்து திரும்பத் திரும்ப இணையும் கருவி, தூங்காத கருவியைவிட வேகமாகப் பேட்டரியைத் தீர்த்துவிடும்.

ஆக, பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டின் கேள்விக்கு என்ன பதில்? வாசல் மணியும் சென்சார்களும் வைஃபை 4 என்றால் புது ரவுட்டர் அவற்றை நீண்ட நேரம் தூங்கவைக்காது. டிவியையும் போன்களையும் 2.4-இலிருந்து வெளியேற்றுவதுதான் முதல் மருந்து, அதற்கு இப்போதைய ரவுட்டரே போதும். அடுத்து கருவி வாங்கும்போது டார்கெட் வேக் டைம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அப்படிப்பட்ட கருவி இரண்டு மூன்று வீட்டுக்கு வந்த பிறகு ரவுட்டரை மாற்றினால், அந்தச் சில நூறு ரிங்கிட்டுக்கு உண்மையான வேலை இருக்கும்.